பின்னோக்கிப் போன சென்னை வண்டி

குற்றாலத்தில் மாரித்தாயிடம் பழம் வாங்கியவர்கள் அவளை லேசில் மறக்க மாட்டார்கள். மெயினருவிக்குப் போகிற சாலையில் தள்ளுவண்டி போட்டிருப்பாள். சீசன் வந்துவிட்டால் ரம்பூட்டான், மங்குஸ்தான். சீசன் போய்விட்டால் கொய்யாவும் நெல்லிக்காயும். பழத்தை அமுக்கிப் பார்க்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "அண்ணாச்சி, அது பழம், காலிங்பெல் இல்ல" என்பாள். வாய் அப்படி. ஆனால் அந்த வாய் பேச வேண்டிய ஒரு நாளில் பேசாமல் இருந்துவிட்டது. அதனால் வந்த வினைதான் இத்தனையும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் மகளுக்குப் பேர் விட்டார்கள். ஆனந்தவள்ளி என்று பேர். பிள்ளைக்குத் தாய்மாமன் மகாராஜா, மாரித்தாயின் கூடப்பிறந்த ஒரே அண்ணன், ஆவடியில் ஆயுதப்படைப் போலீஸ். சீரெல்லாம் தூக்கிக்கொண்டு ஆசையாக வந்திருந்தான். மாரித்தாயின் மாமனார் பரமசிவனும் போலீஸ்தான்; ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் போனாலும் மிடுக்கு போகவில்லை. நிறைந்த சபையில் மகாராஜாவைப் பார்த்து, "ஏலே கான்ஸ்டபிள், அந்தச் சேரை எடுத்து இப்படிப் போடுலே" என்று சொல்லிவிட்டார். சம்பந்தக்காரனை, சீர் கொண்டுவந்த தாய்மாமனை! மகாராஜா சேரை எடுத்துப் போட்டான். தங்கச்சி முகத்தைப் பார்த்தான். அவள் குனிந்து பிள்ளைக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே வண்டி ஏறிவிட்டான். அதற்குப் பிறகு பேச்சு வார்த்தை இல்லை.

இப்போது பிள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அது இல்லாத காது குத்து என்ன காது குத்து? மாரித்தாய் பெரியம்மா மகள் முத்துச்செல்வியைப் பிடித்து, அண்ணனிடம் தூது விட்டாள். பதில் வந்தது: "வெள்ளிக்கிழமை காலம்பற சென்னை வண்டியில வருதேன். அவ ஸ்டேஷனுக்கு வந்து என்னைய கூப்பிடணும். கூப்பிட்டா இறங்குவேன். இல்லைன்னா இறங்காம அப்படியே செங்கோட்டைக்குப் போயிட்டு, அங்கயிருந்து திரும்பிருவேன்."

சென்னை வண்டி தென்காசிக்கு வந்து, அடுத்து செங்கோட்டையில் போய் முடிகிற வண்டி. தென்காசியில் நிற்கிற நேரம் ஓரிரு நிமிஷம். அந்த நிமிஷத்தில் மாரித்தாய் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. சுலபமான காரியம்தானே? சுலபமான காரியத்தைத்தான் நாம் உருப்படியாகக் கெடுப்போம்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. சாரல் பொடிசாக விழுந்துகொண்டிருந்தது. தென்காசிப் பாதையில், தோப்புக்குள் இருக்கிற சாஸ்தா கோயிலில் எல்லாரும் கூடிவிட்டார்கள். புருஷன் சுடலைமணி பொங்கப்பானையைக் கிண்டிக்கொண்டிருந்தான். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் காது குத்தி முடிக்க வேண்டும். வண்டி தென்காசிக்கு எட்டேகாலுக்கு. ஸ்கூட்டியில் கால்மணி நேரம். ஏழரைக்குக் கிளம்பினால் தாராளம் என்று மாரித்தாய் நினைத்திருந்தாள்.

கிளம்புகிறதுக்கு முன்னால், இந்தக் காலத்தில் எல்லாரும் செய்கிறதை அவளும் செய்தாள். வண்டி நேரத்துக்கு வருகிறதா என்று போனில் பார்த்தாள். ரயில் எங்கே ஓடுகிறது என்று காட்டுகிற அந்தப் பக்கத்தைத் திறந்ததும், முன்பு தேடிய வண்டி ஒன்று மேலாகவே கிடந்தது. செங்கோட்டை, சென்னை எழும்பூர் என்று இரண்டு ஊர்ப் பேரும் அதில் இருந்தன. பிறகென்ன? தட்டினாள்.

கடைசியாகத் தகவல் வந்த நிலையம்: செங்கல்பட்டு. தாமதம்: பன்னிரண்டு நிமிடம்.

மாரித்தாய்க்குத் திக்கென்றது. செங்கல்பட்டா? அது சென்னைக்குப் பக்கத்தில் அல்லவா இருக்கிறது? ராத்திரி முழுக்க ஓடி இன்னும் செங்கல்பட்டில்தான் நிற்கிறதா? அப்படி நின்றால் பத்து மணி நேரம் தாமதம் என்றல்லவா காட்ட வேண்டும்? பன்னிரண்டு நிமிஷம் என்கிறானே! போனைத் தட்டினாள், துடைத்தாள், மறுபடி பார்த்தாள். செங்கல்பட்டு. பன்னிரண்டு நிமிடம்.

"மாமா, வண்டி இன்னும் செங்கல்பட்டுலயே கெடக்கு" என்றாள்.

பரமசிவன் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "எவ்வளவு லேட்டு?"

"பன்னெண்டு நிமிஷம்னு போட்டிருக்கு."

"பன்னெண்டு நிமிஷ லேட்டுல செங்கல்பட்டுல நிக்கிற வண்டி எட்டேகாலுக்குத் தென்காசிக்கு எப்படிட்டி வரும்? பறந்தா வரும்?"

அவளுக்கு எப்படித் தெரியும்? அண்ணன் போனுக்கு அடித்தாள். மூன்று வருஷம் கழித்து அடித்தாள். சுவிட்ச் ஆஃப்.

கொழுந்தன் விஜய்பாண்டிக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. அப்படித்தான் அவன் சொல்லிக்கொள்வான். "மதினி, உங்களுக்குப் பாக்கத் தெரியல. இங்கன பாருங்க" என்று தன் போனை எடுத்தான். வண்டியின் பேரைப் போட்டான். எந்தத் தேதியில் புறப்பட்ட வண்டி என்று அது கேட்டது. வெள்ளிக்கிழமை வண்டி என்றுதானே மகாராஜா சொல்லிவிட்டிருந்தான்? இன்றைக்கு வெள்ளிக்கிழமைதானே? இன்றைய தேதியை அமுக்கினான். அமுக்கியவன் முகம் சுருங்கிவிட்டது.

"என்னடே?" என்றார் பரமசிவன்.

"வண்டி இன்னும் புறப்படவே இல்லைன்னு சொல்லுது. ராத்திரிதான் கிளம்புமாம்."

"உன் மதினி போன்ல செங்கல்பட்டுல நிக்கி. உன் போன்ல கிளம்பவே இல்ல. ஒரே வண்டி ரெண்டு இடத்துல எப்படிடே இருக்கும்?"

"அதான் எனக்கும் குழப்பமா இருக்கு."

பரமசிவன் தொண்டையைக் கனைத்தார். முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதிய மனிதர். "ரெண்டு சாட்சியும் முன்னுக்குப் பின் முரணாச் சொல்லுதானுவ. ஆனா ஒரு விஷயத்துல ரெண்டு பேரும் ஒத்துப்போறானுவ. அந்தப் பய இப்போதைக்குத் தென்காசிக்கு வரலை. அவ்வளவுதான் கேஸ்" என்றார்.

சுடலைமணி கரண்டியைக் கீழே வைத்தான். "எதுக்கும் ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரட்டா?"

"வண்டி செங்கல்பட்டுல நிக்கும்போது தென்காசியில போய் எதைலே பாக்கப் போற, தண்டவாளத்தையா? பானையைப் பாரு, அடி பிடிக்கி."

மாரித்தாய் கோயில் மதில் ஓரமாகப் போய் நின்று மறுபடி போனைப் பார்த்தாள். பார்த்தவள், "ஐயோ!" என்று கத்திவிட்டாள். எல்லாரும் ஓடி வந்தார்கள்.

"வண்டி தாம்பரத்துக்குப் போயிட்டு!"

"எந்தத் தாம்பரம்?"

"மெட்ராசுத் தாம்பரம்தான். செங்கல்பட்டுலயிருந்து தாம்பரத்துக்குப் போயிட்டு. பின்னால போகுது மாமா!"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் வேடிக்கை. ரயில் எங்கேயாவது பின்னால் போகுமா என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விஜய்பாண்டி மட்டும் யோசித்து, "பாதையில மழைத்தண்ணி நின்னா திருப்பி அனுப்பிருவாங்க. அதான் மதினி, என் போன்ல இன்னும் கிளம்பலைன்னு வருது. திரும்பிப் போயிட்டு ராத்திரி மறுபடி கிளம்பும்" என்றான். கேட்கிறதுக்கு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு தப்பைச் சேர்த்து ஒட்டினால் ஒரு சரி மாதிரியே இருக்கும்.

மாரித்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷம் கழித்து மனசு இறங்கி வண்டி ஏறியவனை, இந்த வண்டி திருப்பிக் கொண்டுபோகிறதே! இல்லை, அவன் ஏறவே இல்லையோ? போனை அதனால்தான் அணைத்து வைத்திருக்கிறானோ? அன்றைக்குச் சபையில், 'மாமா, அவன் எங்க அண்ணன்' என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

எட்டரை தாண்டியது. காது குத்த வந்த ஆசாரி எழுந்து துண்டை உதறினார். "ஐயா, எனக்கு அச்சன்புதூர்ல இன்னொரு இடம் கெடக்கு. சட்டுன்னு முடிச்சா நல்லது."

பரமசிவன் சுற்றிலும் பார்த்தார். மாரித்தாயின் பெரியம்மா மகன் முத்துச்செல்வம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனும் ஒரு முறைக்குத் தாய்மாமன்தான். "முத்துச்செல்வம், நீ மடியில வச்சுக்கிடுதியாடே?"

முத்துச்செல்வத்துக்கு வாயெல்லாம் பல். வேட்டியைச் சரிசெய்துகொண்டு பாயில் உட்கார்ந்தான்.

இவன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிட்டால், மகாராஜா இந்த ஜென்மத்துக்கு மாரித்தாயின் வாசப்படி மிதிக்க மாட்டான். "மாமா, பத்தரை வரைக்கும் நேரம் இருக்குல்லா. கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

"பொறுத்தா? வண்டிதான் பின்னால போகுதே!"

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று போனைத் தட்டினாள். அதில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது. வண்டி சேருமிடத்தை அடைந்துவிட்டது.

"வந்து சேந்துட்டு!" என்று குதித்தாள். "மாமா, வந்து சேந்துட்டு!"

"எங்க வந்து சேந்துட்டு?"

மாரித்தாய் படித்தாள். குரல் இறங்கிவிட்டது. "சென்னை எழும்பூர்."

"புறப்பட்ட எடத்துலயே வந்து சேந்துட்டா? என்னட்டி வண்டி அது, செக்கா?" என்றார் பரமசிவன்.

செக்கு என்று அவர் சொன்னதும் முத்துச்செல்வம் கெக்கெக்கே என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் மாரித்தாய்க்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. கோபம் வந்தால்தான் அவளுக்கு மூளை வேலை செய்யும். சேருமிடம் எழும்பூர் என்றால் புறப்பட்ட இடம் எது? விரலால் பக்கத்தை மேலே மேலே தள்ளினாள். நிலையங்களின் வரிசை ஓடியது. விழுப்புரம், திருச்சி, மதுரை, ராஜபாளையம். வரிசையின் உச்சிக்குப் போய் நின்றாள். முதல் நிலையம் செங்கோட்டை.

செங்கோட்டையில் புறப்பட்டு எழும்பூரில் சேர்ந்திருக்கிறது. இது வருகிற வண்டி இல்லை. போகிற வண்டி! நேற்றுச் சாயங்காலம் இங்கிருந்து போன வண்டி! பேர் ஒன்றுதான், எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறு. வருகிற வண்டிக்கு ஒன்று, போகிற வண்டிக்கு இரண்டு. அது பின்னால் போகவே இல்லை. தன் பாதையில், தன் நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் பிந்தி, ஒழுங்காக முன்னால் போயிருக்கிறது.

அந்த எண் எப்படி இவள் போனில் வந்து உட்கார்ந்தது? அதுவும் ஞாபகம் வந்துவிட்டது. மகாராஜா கோபித்துக்கொண்டு போன அன்று ராத்திரி இவள்தான் தேடினாள். போன் பண்ண வாய் இல்லை, தைரியம் இல்லை. ராஜபாளையம் தாண்டிவிட்டானா, மதுரை தாண்டிவிட்டானா என்று முந்தானைக்குள் போனை ஒளித்துவைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். தாம்பரம் வந்த பிறகுதான் கண்ணை மூடினாள். அதற்கப்புறம் வேறு வண்டி எதையும் அவள் தேடவில்லை. யாரைத் தேட?

கண்ணைத் துடைத்துக்கொள்ள நேரம் இல்லை. கடைசி இலக்கத்தை மாற்றிப் போட்டாள். எந்தத் தேதி என்று அது கேட்டது. விஜய்பாண்டி அமுக்கிய இன்றைய தேதி கண்ணில் பட்டது. பக்கத்திலேயே நேற்று என்றும் இருந்தது. சென்னையில் வண்டி ஏறுவது ராத்திரி அல்லவா? இன்று இங்கே வருகிற வண்டி நேற்றல்லவா கிளம்பியிருக்கும்? வெள்ளிக்கிழமை அவன் வருகிற நாள். வண்டி கிளம்பிய நாள் வியாழன். நேற்று என்பதை அமுக்கினாள்.

கடைசியாகத் தகவல் வந்த நிலையம்: கடையநல்லூர். தாமதம்: நாற்பது நிமிடம். தென்காசியில் எதிர்பார்க்கும் வருகை 8.55.

மணி எட்டு நாற்பத்தெட்டு.

"ஏலே விஜய்பாண்டி, நீயும் உன் போனும்!" என்று கத்திக்கொண்டே ஸ்கூட்டிச் சாவியைத் தேடினாள். "மாமா, எங்க அண்ணன் கடையநல்லூர் தாண்டிட்டான். நான் வாரதுக்குள்ள எவனாவது எம்புள்ளை காதுல ஊசி வச்சீங்க, பாத்துக்கிடுங்க!"

மருமகள் தன்னிடம் குரலை உயர்த்திப் பரமசிவன் கேட்டதே இல்லை.

தென்காசிக்குத்தான் வண்டியை விட்டாள். சாரல் முகத்தில் அடித்தது. பாதி வழியில் லாரியும் சுற்றுலா வேன்களும் முட்டிக்கொண்டு நின்றன. சீசன் அல்லவா? ஊர்ப்பட்ட காரும் அருவிக்குத்தான். ஓரமாக நிறுத்திப் போனைப் பார்த்தாள்.

தென்காசி. புறப்பட்டது 8.58.

போய்விட்டது. இவள் இல்லாமலே வந்து, நின்று, போயும்விட்டது. அவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருப்பான். பிளாட்பாரத்தில் ஒருத்தரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கீழே பார்த்தாள். செங்கோட்டையில் எதிர்பார்க்கும் வருகை 9.12. தாமதம் பன்னிரண்டு நிமிடம். இங்கே நாற்பது நிமிஷம் பிந்திய வண்டி எட்டு கிலோமீட்டருக்குள் எப்படிப் பன்னிரண்டு நிமிஷமாகக் குறைந்தது? கடைசி ஊருக்குப் போகிற அந்தத் துண்டுப் பாதைக்கு, பிந்தி வந்தாலும் சமாளிக்கட்டும் என்று முக்கால் மணி நேரம் தாராளமாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அது தெரியாமல், இது வேறு என்ன கூத்து என்று விழித்தாள். எது எப்படியோ, ஒன்பது பன்னிரண்டு.

வண்டி எங்கே இருக்கிறது என்று இப்போது அவளுக்குப் பிசகில்லாமல் தெரியும். அண்ணன் எங்கே இருக்கிறான்? இறங்கினானா, இறங்கவில்லையா? அதைச் சொல்ல அந்தப் பக்கத்தில் இடமே இல்லை. தென்காசியா, செங்கோட்டையா? அவள் அண்ணனை அவளுக்குத் தெரியாதா? கூப்பிட்டால்தான் இறங்குவேன் என்று சொன்னவன். ஒரு வார்த்தை பிசக மாட்டான். ஸ்கூட்டியைத் திருப்பி இலஞ்சி வழியாகச் செங்கோட்டைக்கு முறுக்கினாள்.

செங்கோட்டை ஸ்டேஷனில் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஆள் இல்லாத வண்டி. ஜனங்களெல்லாம் இறங்கிப் போயாகிவிட்டது. நனைந்த சேலையோடு ஒவ்வொரு பெட்டியாக ஓடினாள். "அண்ணே! மகாராஜாண்ணே!" என்று ஜன்னல் ஜன்னலாகக் கூப்பிட்டாள். பெட்டியைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "உள்ள யாரும் இல்லம்மா" என்றாள். பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஒரு பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். போன் சொன்னது: சேருமிடத்தை அடைந்துவிட்டது. மாரித்தாய் வாய்விட்டே அழுதாள். யார் பார்த்தால் என்ன? வந்தவனைக் கூப்பிட ஆள் இல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டாளே பாவி!

போன் அடித்தது. புருஷன் நம்பர். எடுத்தாள்.

"ஏட்டி மாரி!"

புருஷன் குரல் இல்லை.

"அண்ணே?"

"எங்கட்டி இருக்க?"

"நீ... நீ இறங்கலைல்லா? நான் கூப்பிட வரலைல்லா?"

"ஒருத்தரும் இல்ல, பாத்தேன். இறங்கக் கூடாதுன்னுதான் உக்காந்திருந்தேன். வண்டி கிளம்பப் போற நேரத்துல மனசு கேக்கலட்டி. புள்ளைக்குக் காது குத்து. பையைத் தூக்கிட்டு இறங்கிட்டேன். ஒரு ஆட்டோவைப் பிடிச்சுக் கோயிலுக்கே வந்துட்டேன். போன்ல சார்ஜ் இல்ல, அதான் உம்மாப்பிள்ளை போன்ல பேசுதேன்."

பின்னாலிருந்து ஆசாரியின் குரல் கேட்டது. நேரம் ஆகிறது என்கிறார். பரமசிவன் ஏதோ சொல்கிறார். மகாராஜா அந்தப் பக்கம் திரும்பி அதட்டினான். "எந்தங்கச்சி வராம ஒருத்தரும் ஊசியைத் தொடக்கூடாது. புள்ளை எம்மடியிலதான் இருக்கு. பத்தரைக்கு இன்னும் நேரம் கெடக்கு." போலீஸ் அதட்டல்.

"அழுதியாட்டி?" என்று கேட்டான் இவளிடம்.

"இல்லண்ணே."

"சரி, இப்ப எங்க இருக்கன்னு சொல்லு. எல்லாரும் கேக்காங்க."

மாரித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"செங்கோட்டை ஸ்டேஷன்ல. இந்தா கிளம்பிட்டேன். மூணு வருஷம் லேட்டுண்ணே."

"பரவால்ல. வா" என்றான் மகாராஜா.